வீடியோவில் பாட்டும் படமும்: அனுமதி யாரிடம், வருமானம் யாருக்கு?



நம் மஹல்லாவில் யூடியூப் சேனல் வைத்திருக்கும் வீடுகள் பெருகிவிட்டன. சமையல், தையல், மெஹந்தி, பிள்ளைகளுக்கான கதை என்று பெண்கள் வீட்டிலிருந்தபடியே நடத்துகிறார்கள். சில குடும்பங்களில் பிள்ளைகளின் படிப்புச் செலவின் ஒரு பகுதி இதிலிருந்துதான் வருகிறது. அப்படிப்பட்ட ஒரு வீட்டில் சென்ற ரமலானில் நடந்ததை முன்வைத்து, வீடியோவில் சேர்க்கும் பாட்டையும் படத்தையும் பற்றி இந்த இதழில் பார்ப்போம். அந்தச் சகோதரியின் சம்மதத்தோடு, அவர் பெயரைச் சொல்லாமல் எழுதுகிறோம். இசையைக் கேட்பது கூடுமா, கூடாதா என்பது ஆலிம்களிடம் கேட்டுத் தெளிய வேண்டிய விஷயம். இங்கே பேசுவது பிறருடைய உரிமையைப் பற்றி மட்டும்.

நடந்தது என்ன?

அந்தச் சகோதரி ரமலான் பிறை 3 அன்று நோன்புக் கஞ்சி வீடியோ ஒன்றைப் போட்டார். அதன் தொடக்கத்தில் நாற்பது விநாடிகளுக்கு ஓர் இஸ்லாமியப் பாடல் வந்தது. பக்கத்து ஊர் சகோதரர் ஒருவர் தாமே எழுதி, தஃப் மட்டும் வைத்துப் பாடியது அது. "உங்கள் வீடியோவில் தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள்" என்று அவர் வாட்ஸ்அப்பில் அனுமதியும் கொடுத்திருந்தார். ஆனால் அன்று இரவே யூடியூபிலிருந்து மின்னஞ்சல் வந்தது. அந்தப் பாடலுக்கு ஒரு நிறுவனம் உரிமை கோரியிருக்கிறது, இனி இந்த வீடியோவின் விளம்பர வருமானம் அந்த நிறுவனத்துக்குப் போகும் என்று அதில் இருந்தது.

பிறை 10 அன்று இன்னொரு வீடியோ. இது பிரியாணி. பழைய பள்ளிவாசல் ஒன்றில் மக்கள் வரிசையாக அமர்ந்து நோன்பு திறக்கும் அழகான படம் கூகுள் தேடலில் கிடைத்தது. அதை வீடியோவின் தொடக்கத்திலும் முகப்புப் படத்திலும் வைத்தார். ஆறு நாள் கழித்து அந்த வீடியோவே நீக்கப்பட்டது. அந்தப் படத்தை எடுத்த புகைப்படக் கலைஞர் புகார் கொடுத்திருந்தார். சேனலுக்கு ஒரு ஸ்ட்ரைக் விழுந்தது.

முதலில் வந்தது கிளைம், இரண்டாவது ஸ்ட்ரைக். நம் வீடுகளில் பலர் இரண்டையும் "காப்பிரைட் வந்துவிட்டது" என்றே சொல்கிறார்கள். ஆனால் இவை வேறு வேறு. விளைவும் வேறு, செய்ய வேண்டியதும் வேறு.

கிளைம் என்றால்

பாடல் நிறுவனங்கள் தங்கள் பாடல்களின் மாதிரியை யூடியூபிடம் கொடுத்து வைத்திருக்கின்றன. நாம் ஏற்றும் ஒவ்வொரு வீடியோவையும் ஓர் இயந்திரம் அந்த மாதிரிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. இதற்கு கன்டென்ட் ஐடி என்று பெயர். ஒத்துப்போனால் உரிமையாளர் முன்பே சொல்லி வைத்தபடி மூன்றில் ஒன்று நடக்கும். வீடியோ தடுக்கப்படலாம், அதன் வருமானம் உரிமையாளருக்குத் திரும்பலாம், அல்லது எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று மட்டும் அவர் கவனித்துக்கொள்ளலாம். பெரும்பாலும் நாம் காண்பது இரண்டாவதைத்தான். வீடியோ அப்படியே ஓடும், பணம் மட்டும் நமக்கு வராது. கிளைமால் சேனலின் பெயர் பொதுவாகக் கெடுவதில்லை.

இந்த இயந்திரத்துக்குப் பாடலை அடையாளம் காணத் தெரியும். அந்தச் சகோதரியின் வாட்ஸ்அப்பில் இருக்கும் அனுமதி அதற்குத் தெரியாது. பாடிய சகோதரரே அனுமதி தந்த பின் கிளைம் எங்கிருந்து வந்தது என்று விசாரித்தோம். அவர் தம் பாடலை இசைச் செயலிகளில் வெளியிட ஒரு விநியோக நிறுவனத்திடம் கொடுத்திருந்தார். படிவத்தை நிரப்பும்போது, யூடியூபில் இந்தப் பாடல் எங்கே வந்தாலும் உரிமை கோரட்டுமா என்ற கேள்விக்கு 'ஆம்' என்று குறித்துவிட்டார். அதன்படியே அவர் சார்பில் அந்த நிறுவனம் கோரியிருக்கிறது. ஆகவே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. கொடுத்த அனுமதி விநியோக நிறுவனத்துக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

முதல் ஐந்து நாள்

பணத்தைப் பொறுத்தவரை கிளைம் வந்த முதல் ஐந்து நாள் மிக முக்கியம். அந்த ஐந்து நாளுக்குள் நாம் ஆட்சேபணை தெரிவித்தால், கிளைம் வந்த முதல் நாளிலிருந்து வரும் வருமானம் முழுவதையும் யூடியூப் தனியே பிடித்து வைக்கும். வழக்கு முடிந்ததும் யார் பக்கம் நியாயமோ அவருக்குக் கொடுக்கும். ஐந்து நாள் கடந்த பின் ஆட்சேபித்தால், ஆட்சேபித்த நாளிலிருந்து வரும் பணம் மட்டுமே பிடித்து வைக்கப்படும். அதற்கு முந்திய நாட்களின் பணம் உரிமை கோரியவருக்குப் போய்விடும்.

நம் சகோதரி பிறை 6 அன்று ஆட்சேபணை கொடுத்தார். அதனால் பிறை 3 முதலான பணம் பாதுகாக்கப்பட்டது. பாடகரின் பதிலுக்காகக் காத்திருந்து பிறை 11 அன்று கொடுத்திருந்தால், முதல் எட்டு நாள் பணம் கையை விட்டுப் போயிருக்கும். நோன்புக் கஞ்சி வீடியோவை மக்கள் தேடிப் பார்ப்பதே அந்த நாட்களில்தான்.

ஆட்சேபிக்கும் முறை கடினமில்லை. யூடியூப் ஸ்டூடியோவில் அந்த வீடியோவுக்கு எதிரே Copyright என்று காட்டும். அதைத் தொட்டு விவரத்துக்குள் போனால் எந்தப் பாடல், எந்த நிமிடம், யார் கோரினார் என்று தெரியும். அங்கே Dispute என்பதைத் தேர்ந்தால் காரணம் கேட்கும். நம்மிடம் அனுமதி இருந்தால் License என்பதே சரியான காரணம். பிறகு நடந்ததைச் சுருக்கமாக எழுதிப் பெயரிட்டு அனுப்ப வேண்டும். சகோதரி எழுதியது மூன்றே வரி: பாடலை எழுதிப் பாடியவர் இன்னார், இன்ன தேதியில் இந்தச் சேனலுக்கு அனுமதி கொடுத்தார், அவரே தம் விநியோக நிறுவனத்துக்கும் தெரிவித்திருக்கிறார்.

கடைசி வரிதான் வேலையை முடித்தது. பாடகர் தம் விநியோக நிறுவனத்துக்கு அந்த வீடியோவின் இணைப்பை அனுப்பி, கிளைமை விலக்கிக்கொள்ளச் சொன்னார். உரிமை கோரியவருக்குப் பதில் சொல்ல 30 நாள் அவகாசம் உண்டு. இங்கே பதினோராம் நாளே விலக்கிக்கொண்டார்கள். பிடித்து வைத்த பணம் அல்ஹம்துலில்லாஹ் சகோதரியின் கணக்குக்கு வந்தது. 30 நாளுக்குள் பதிலே வராவிட்டாலும் கிளைம் தானாக விலகிவிடும். உரிமை கோரியவர் ஆட்சேபணையை மறுத்தால் மேல்முறையீடு செய்யலாம். அதற்கு அவர் 7 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். ஆனால் அந்தக் கட்டத்தில் அவர் வீடியோவை நீக்கும்படி சட்டப்பூர்வமாகக் கேட்கலாம். யூடியூப் அதை ஏற்றால் ஸ்ட்ரைக் விழும்.

ஆகவே உண்மையான அனுமதி கையில் இல்லாதவர் ஆட்சேபணை கொடுக்கவே கூடாது. "சும்மா கொடுத்துப் பார், பதில் வராவிட்டால் லாபம்" என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். தெரிந்தே பொய்யான காரணம் எழுதிக் கையெழுத்திடுவது மார்க்கத்திலும் பாவம், சேனலுக்கும் ஆபத்து. அனுமதி இல்லையென்றால் நேரான வழி ஒன்று இருக்கிறது. அதே விவரப் பக்கத்தில் Trim out segment என்றால் பாட்டு வரும் பகுதியை வெட்டிவிடலாம். Mute song என்றால் பாட்டை ஒலியில்லாமல் ஆக்கலாம். Replace song என்றால் வேறு பாட்டை மாற்றி வைக்கலாம். கோரப்பட்ட பகுதி முழுவதும் நீங்கிவிட்டால் கிளைமும் விலகும். வீடியோவின் இணைப்பும் அதுவரை பார்த்தவர்களின் கணக்கும் மாறாது.

ஸ்ட்ரைக் என்றால்

ஸ்ட்ரைக்கில் இயந்திரத்துக்கு வேலையில்லை. உரிமையாளரே சட்டப்படி நீக்கக் கோரி எழுதுகிறார், யூடியூப் வீடியோவை எடுத்துவிடுகிறது. வீடியோவும் போய், அதன் வருமானமும் நின்றுவிடும். ஒரு ஸ்ட்ரைக் 90 நாள் நிற்கும். முதல் முறையென்றால் காப்பிரைட் பற்றிய ஒரு சிறு பாடத்தைப் பார்த்து முடிக்க வேண்டும். 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் சேர்ந்தால் சேனலே மூடப்படும். பல ஆண்டு உழைப்பு அதோடு போய்விடும். ஸ்ட்ரைக் வந்த பின் பதறிப்போய் வீடியோவை நாமே அழித்தால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். அழித்தாலும் ஸ்ட்ரைக் போகாது.

புகார் கொடுத்தவரின் மின்னஞ்சல் முகவரி அந்த அறிவிப்பிலேயே இருக்கும். நம் சகோதரி அவருக்குப் பணிவாக எழுதினார். தெரியாமல் செய்ததை ஒப்புக்கொண்டு, படத்தைப் பயன்படுத்திய நாட்களுக்கு என்ன தர வேண்டும் என்று கேட்டார். அவர் ஒரு சிறு தொகை கேட்டார். அதைக் கொடுத்ததும் புகாரைத் திரும்பப் பெற்றார், ஸ்ட்ரைக் நீங்கியது. எல்லோரும் இப்படி இறங்கி வருவார்கள் என்று சொல்ல முடியாது. வராவிட்டால் 90 நாள் பொறுத்திருக்க வேண்டியதுதான். எதிர் அறிவிப்பு கொடுக்கும் வழியும் உண்டு. ஆனால் அது நம் முழுப் பெயரும் முகவரியும் புகார் கொடுத்தவருக்குப் போகும் சட்ட ஆவணம். உரிமை நிச்சயமாக நம்முடையது என்ற நிலையில் மட்டுமே அதைத் தொட வேண்டும்.

கூகுள் தேடலில் ஒரு படம் தெரிகிறது என்றால் அது இருக்கும் இடத்தை கூகுள் காட்டுகிறது என்றுதான் பொருள். எடுத்துக்கொள்ளலாம் என்று பொருளில்லை. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, படம் எடுக்கப்பட்டதுமே உரிமை பிறந்துவிடுகிறது. எங்கும் பதிவு செய்திருக்கத் தேவையில்லை. படம் எடுத்தவரின் ஆயுளும் அதன்பின் 60 ஆண்டும் அந்த உரிமை நீடிக்கும்.

நாம் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

"பழைய பாட்டுதானே" என்பது ஒன்று. நாகூர் இ.எம். ஹனிஃபா அவர்களின் பாடல்களை நம் வீடுகளில் எல்லோரும் தங்கள் சொத்தாகவே நினைக்கிறோம். அவர் 2015இல் மறைந்தார். பாடியவர் மறைந்ததால் உரிமை மறைவதில்லை. ஒரு பாடலில் வரிகளை எழுதியவர், மெட்டமைத்தவர், ஒலிப்பதிவை வெளியிட்டவர் என்று தனித்தனி உரிமைகள் இருக்கின்றன. ஒலிப்பதிவுக்கு வெளியானதிலிருந்து 60 ஆண்டு. வரிக்கும் மெட்டுக்கும் அவற்றை ஆக்கியவரின் ஆயுளும் அதன்பின் 60 ஆண்டும். அதனால் நம் பிள்ளை தன் குரலில் பாடிப் பதிவு செய்தாலும் வரிக்காகவும் மெட்டுக்காகவும் கிளைம் வரலாம்.

"குர்ஆனுக்கு யார் உரிமை கொண்டாட முடியும்?" என்பது இன்னொன்று. அல்லாஹ்வின் வார்த்தைக்கு எவரும் சொந்தம் கொண்டாட முடியாது என்பது உண்மை. ஆனால் ஒரு காரீயின் கிராஅத்தைப் பதிவு செய்து வெளியிட்டவருக்கு அந்த ஒலிப்பதிவின் மீது சட்டத்தில் உரிமை உண்டு. பாங்கின் ஒலிப்பதிவும் அப்படியே. கிராஅத் வேண்டுமென்றால் வீட்டில் நன்றாக ஓதத் தெரிந்தவரை ஓதவைத்து நாமே பதிவு செய்யலாம். சமையல் பேச்சுக்கும் விளம்பரத்துக்கும் பின்னணியாக கிராஅத்தை வைப்பது அதன் மரியாதைக்குத் தகுமா என்பதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

"பத்து விநாடிக்குக் குறைவாகப் போட்டால் பரவாயில்லை" என்று ஒரு பேச்சு உலவுகிறது. அப்படி எந்த விதியும் இல்லை. பாடலின் உரிமையாளருக்கு நன்றி என்று கீழே எழுதுவதும் அனுமதி ஆகாது. ஷார்ட்ஸுக்காக யூடியூப் தரும் பாடல்களை நீண்ட வீடியோவில் போடுவதும் தவறு. அந்த அனுமதி ஷார்ட்ஸுக்கு மட்டும்தான்.

கவலையின்றி எடுக்கக்கூடியவை

மிகப் பத்திரமானது நாமே எடுத்த படமும் நாமே பதிவு செய்த ஒலியும். கஞ்சி கொதிக்கும் சத்தமும், கரண்டி பாத்திரத்தில் படும் சத்தமும் சமையல் வீடியோவுக்குப் போதுமானவை. இசை வேண்டாம் என்று இருக்கும் குடும்பங்களுக்கு இது இரட்டை நன்மை.

இரண்டாவது, யூடியூப் ஸ்டூடியோவுக்குள் இருக்கும் Audio Library. அங்கே இசையும், மழை, கதவு, பறவை போன்ற ஒலிகளும் இலவசமாகக் கிடைக்கும். சிலவற்றுக்கு எதிரே CC என்ற குறி இருக்கும். அவற்றை எடுத்தால் அங்கே கொடுத்துள்ள பெயர்க்குறிப்பை அப்படியே நகலெடுத்து வீடியோவின் விவரத்தில் ஒட்ட வேண்டும். குறி இல்லாதவற்றுக்கு அது தேவையில்லை.

மூன்றாவது, கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸ் உள்ளவை. விக்கிமீடியா காமன்ஸ் தளத்தில் பள்ளிவாசல்கள், ஊர்கள், உணவுகளின் படங்கள் ஏராளம். ஒவ்வொரு படத்தின் கீழும் லைசென்ஸ் எழுதியிருக்கும். CC0 என்றால் நிபந்தனை இல்லை. CC BY என்றால் எடுத்தவர் பெயரையும் லைசென்ஸையும் குறிப்பிட வேண்டும். NC என்ற எழுத்து இருந்தால் வணிக நோக்கத்துக்குக் கூடாது என்று பொருள். விளம்பரப் பணம் வரும் வீடியோவில் அதை வைக்க வேண்டாம். ND என்றால் மாற்றக் கூடாது. ஒரு பாட்டை வீடியோவோடு சேர்ப்பதே மாற்றமாகக் கருதப்படும். SA என்றால் நாம் ஆக்குவதையும் அதே லைசென்ஸில் விட வேண்டிவரும். புதியவர்கள் CC0, CC BY இரண்டோடு நின்றுகொள்வது நல்லது.

நான்காவது, உரியவரிடமே கேட்டு வாங்குவது. வாய்வார்த்தை போதாது. பாட்டுக்கு இப்படி எழுதிக் கேட்கலாம்:

"உங்கள் (பாடலின் பெயர்) பாடலை எங்கள் (சேனலின் பெயர்) யூடியூப் சேனலில், விளம்பர வருமானம் வரும் வீடியோக்களில் பயன்படுத்த அனுமதி வேண்டுகிறோம். வரி, மெட்டு, ஒலிப்பதிவு மூன்றின் உரிமையும் உங்களிடம் இருக்கிறதா? விநியோக நிறுவனத்திடம் கொடுத்திருந்தால், எங்கள் சேனலுக்கு விலக்கு தரும்படி அவர்களுக்கும் எழுத இயலுமா?"

விளம்பர வருமானம் என்ற சொல்லை விடாமல் எழுதுங்கள். தர்மமாகப் பரப்பத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து அனுமதி தந்தவர், அதில் பணம் வருவதைப் பின்னால் அறிந்து மனம் வருந்தக் கூடாது.

வெளியிடும் முன்

வீடியோவை ஏற்றும்போது Checks என்றொரு படி வரும். பாட்டோ காட்சியோ எதனோடும் ஒத்துப்போகிறதா என்று அங்கே இயந்திரம் பார்த்துச் சொல்லும். அவசரப்பட்டு அதைத் தாண்டாமல், முதலில் Private என்று வைத்து முடிவு வரும்வரை பொறுத்திருங்கள். கிளைம் காட்டினால் வெளியிடும் முன்பே பாட்டை மாற்றிவிடலாம், ஒரு நாள் பணமும் வீணாகாது. ஆனால் இந்தச் சோதனையில் தேறியது முழுப் பாதுகாப்பு ஆகாது. உரிமையாளர் பின்னொரு நாளில் மாதிரியைக் கொடுத்தால் பழைய வீடியோவுக்கும் கிளைம் வரும். கூகுளில் எடுத்த படத்துக்கு இந்தச் சோதனை பெரும்பாலும் ஒன்றும் சொல்லாது. நம் சகோதரியின் பிரியாணி வீடியோவும் இந்தச் சோதனையில் தேறியதுதான்.

அதனால் இப்போது அவர் ஒரு நோட்டு வைத்திருக்கிறார். ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒரு பக்கம். எந்தப் பாட்டு, எந்தப் படம், எங்கே எடுத்தது, என்ன லைசென்ஸ், எந்தத் தேதி என்று எழுதுகிறார். லைசென்ஸ் பக்கத்தையும் அனுமதிச் செய்தியையும் படம்பிடித்து போனில் தனிக் கோப்பில் சேமிக்கிறார். கிளைம் வந்தால் ஐந்து நாளுக்குள் பதில் எழுத அந்த ஒரு பக்கம் போதும்.

பிடித்து வைத்த பணத்தைக் கைக்கு வரும் முன் வருமானமாகக் கணக்கிட்டு, கட்டணம் கட்டுவதாக வாக்குக் கொடுத்துவிட வேண்டாம். யூடியூப் பணம் கணக்கில் 100 டாலர் சேர்ந்த பின்தான் வங்கிக்கு வரும். கிளைம் தீர்ந்த பணம் இன்னும் தாமதமாகவே சேரும்.

முடிவாக ஒன்று. பிறருடைய எழுத்தும் ஆக்கமும் இந்தக் காலத்தில் மதிப்புள்ள சொத்து, அதன் உரிமை ஷரீஅத்தால் பாதுகாக்கப்பட்டது, அதை மீறக் கூடாது என்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1988இல் குவைத்தில் கூடித் தீர்மானித்தது. இயந்திரம் கண்டுபிடிக்காத பாட்டுக்கும், புகார் வராத படத்துக்கும் உரியவர் ஒருவர் இருக்கிறார். இந்த வாரம் உங்கள் சேனலில் பணம் வரும் வீடியோக்களை ஒருமுறை திறந்து பாருங்கள். யாரிடம் வாங்கினோம் என்று சொல்ல முடியாத பாட்டோ படமோ இருந்தால் அதை நீக்குங்கள், அல்லது உரியவரைத் தேடிக் கேளுங்கள்.

வஸ்ஸலாம்.